"செலவில்லாத காலர்" என்கிறார்கள், நம்பிப் போடலாமா?

*வாசகர் கடிதம்:* திருச்சியில் வசிக்கிறேன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. ஓய்வூதியமும் வங்கி வட்டியும் குடும்பச் செலவுக்குப் போதும். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வாங்கிய பங்குகள் இன்று 62 லட்சம் ரூபாய் பெறும். மொத்தம் 14 கம்பெனிகள். அதில் ஒரு தனியார் வங்கிப் பங்கு மட்டும் 15 லட்சம். வரும் மே மாதம் மகன் வாங்கும் வீட்டுக்காக 25 லட்சம் தேவை. அதற்குள் சந்தை விழுந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. விற்றால் வரி கட்ட வேண்டுமே என்றும் தயக்கம். தரகு நிறுவனத்தில் எங்கள் கணக்கைப் பார்க்கும் தம்பி, "நிஃப்டி புட் வாங்கினால் மூன்று மாதத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும், காலர் போட்டால் ஒரு பைசா செலவில்லை. இறங்கினால் பாதுகாப்பு, ஏறினால் லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கையிலிருந்து எதுவும் போகாது" என்கிறார். கணக்கைத் தானே இயக்கித் தருவதாகவும் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

*செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் பதில்:*

அன்புள்ள ஐயா,

அந்தத் தம்பி சொன்னதில் பெரும்பகுதி சரிதான். நிஃப்டி குறித்த நிலைக்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தைப் பணமாகத் தரும் ஒப்பந்தமான புட்டுக்குச் செலவாகும் என்பது சரி, புட்டை வாங்கி, அதன் விலையை வேறோர் ஒப்பந்தத்தை விற்று ஈடுகட்டும் காலரில் தொடக்கச் செலவு ஏறத்தாழ இல்லை என்பதும் சரி. "கையிலிருந்து எதுவும் போகாது" என்ற கடைசி வார்த்தை மட்டும் தவறு. உங்களைப் போலப் பலவிதப் பங்குகளை வைத்துக்கொண்டு நிஃப்டி ஆப்ஷனில் காலர் போடுகிறவருக்கு, சந்தை ஏறும்போதுதான் கையிலிருந்து ரொக்கம் போகும். சில நேரம் அது லட்சக்கணக்கில் போகும். நீங்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது என்பதால், எண்களை வைத்தே பேசுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, நிஃப்டி 25,000 புள்ளியில் நிற்கிறது என்றும், ஒரு லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை, 75 என்றும் வைத்துக்கொள்வோம். (லாட் அளவைப் பங்குச் சந்தை அவ்வப்போது மாற்றும், ஆணை போடும் அன்று ஒப்பந்த விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) அப்படியானால் ஒரு லாட் 18.75 லட்சம் ரூபாய்ப் பங்குகளுக்குச் சமம். உங்கள் தொகுப்பின் பீட்டா 0.9 என்று வைத்துக்கொள்வோம். அதாவது நிஃப்டி 10 சதவீதம் அசைந்தால் உங்கள் பங்குகள் சுமார் 9 சதவீதம் அசையும். 62 லட்சத்தை 0.9ஆல் பெருக்கினால் 55.8 லட்சம் வருகிறது. அதற்கு மூன்று லாட் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும்.

புட் மட்டும் வாங்கினால்

மூன்று மாதத்தில் முடியும் 24,000 ஸ்ட்ரைக் புட்டின், அதாவது நிஃப்டி 24,000க்குக் கீழே போனால் பணம் தரும் புட்டின், விலை 240 ரூபாய் என்று கொள்வோம். சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில் இதையொட்டிய விலை இயல்பானதே. மூன்று லாட்டுக்கு, அதாவது 225 எண்ணிக்கைக்கு, 54,000 ரூபாய் பிரீமியம். இந்தப் பணத்தைக் கொடுத்த பிறகு உங்களிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. பிணையாகப் பிடித்து வைக்கும் மார்ஜின் இல்லை, நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தி இல்லை. நஷ்டம் எவ்வளவு பெரிதானாலும் ஆப்ஷன் கணக்கில் உங்கள் இழப்பு இந்த 54,000தான்.

ஆனால் "புட் வாங்கிவிட்டால் நஷ்டமே வராது" என்று பலர் நினைப்பது போல இல்லை. நிஃப்டி 25,000லிருந்து 24,000 வரை இறங்கும் அந்த முதல் 4 சதவீதம் முழுக்க உங்கள் பொறுப்பு. மருத்துவக் காப்பீட்டில் முதலில் இவ்வளவு நாமே கட்ட வேண்டும் என்று இருக்குமே, அதே மாதிரி. நிஃப்டி 15 சதவீதம் விழுந்து 21,250க்கு வந்தது என்று வைப்போம். உங்கள் பங்குகள் 13.5 சதவீதம், அதாவது 8.37 லட்சம் இறங்கியிருக்கும். புட் 2,750 புள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும். 225ஆல் பெருக்கினால் 6,18,750 ரூபாய். பிரீமியத்தையும் கழித்துப் பார்த்தால் நிகர இழப்பு 2.72 லட்சம். எட்டே கால் லட்சத்துக்கு மேல் போக வேண்டிய இடத்தில் இரண்டே முக்கால் லட்சத்தோடு நிற்கிறது. இதுதான் புட் செய்யும் வேலை, அது நல்ல வேலைதான்.

சந்தை எங்கும் போகாமல் நின்றாலோ ஏறினாலோ 54,000 போய்விடும். ஒரே செலவை நான்கு காலாண்டுக்கும் செய்தால் ஆண்டுக்கு 2.16 லட்சம், உங்கள் தொகுப்பில் மூன்றரை சதவீதம். ஆண்டு முழுக்க, ஆண்டாண்டாகப் புட் வாங்கிக்கொண்டே இருப்பது பங்கில் இருப்பதன் பலனையே தின்றுவிடும். ஆகவே புட் என்பது தேதி குறித்த பயத்துக்கான மருந்து. பொதுவான பயத்துக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று, புட்டை வாங்கிவிட்டு முடிவு நாள் வரை பேசாமல் இருப்பது எப்போதும் சரியல்ல. 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,264ல் முடிந்தது. மறுநாள், மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான ஜூன் 4 அன்று, 5.9 சதவீதம் சரிந்து 21,884ல் முடிந்தது. மூன்று வர்த்தக நாளில், ஜூன் 7 அன்று, பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. ஜூன் 27, அந்த மாத ஆப்ஷன்கள் முடிந்த நாளில், 24,044. ஜூன் மாத 22,500 புட்டை வைத்திருந்தவருக்கு ஜூன் 4 அன்று கையில் அறுநூறு புள்ளிக்கு மேல் மதிப்பிருந்தது. விற்காமல் காத்திருந்திருந்தால் முடிவு நாளில் பூஜ்யம். நிஃப்டி ஆப்ஷனின் கணக்கு முடிவு நாளின் நிஃப்டி நிலையை வைத்துத்தான் தீர்க்கப்படும். இடையில் வந்த வீழ்ச்சியின் பலன் வேண்டுமென்றால் இடையிலேயே சந்தையில் விற்றாக வேண்டும்.

காலரில் செலவு எங்கே இருக்கிறது

காலர் என்பது அதே 24,000 புட்டை வாங்கிக்கொண்டு, கூடவே மேலே ஒரு கால் ஆப்ஷனை விற்பது. நிஃப்டி அந்தக் காலின் ஸ்ட்ரைக்கைத் தாண்டி ஏறினால், வித்தியாசத்தை விற்றவர் கொடுக்க வேண்டும். மேற்படி விலைகளோடு பொருந்துமாறு பார்த்தால் 26,250 ஸ்ட்ரைக் காலும் ஏறத்தாழ 240க்கு விலை போகும். வாங்கியதும் விற்றதும் ஈடாகிவிடுவதால் தொடக்கச் செலவு, கட்டணங்கள் நீங்கலாக, பூஜ்யம். "செலவில்லாத காலர்" என்ற பெயர் இதனால் வந்தது.

நிஃப்டி 21,250க்கு விழுந்தால் உங்கள் இழப்பு 2.18 லட்சம், புட் மட்டும் வாங்கியவரைவிட அந்த 54,000 உங்களுக்கு மிச்சம். 25,000லேயே நின்றால் ஆப்ஷனில் வரவுமில்லை செலவுமில்லை. இந்த இரண்டு நிலையிலும் காலர்தான் மேல், அதில் சந்தேகமில்லை.

இனி ஏறும் பக்கம். நிஃப்டி 12 சதவீதம் ஏறி 28,000க்குப் போகிறது. உங்கள் பங்குகள் 10.8 சதவீதம், 6.70 லட்சம் கூடியிருக்கும். விற்ற கால் உங்களிடம் 1,750 புள்ளிகளைக் கேட்கும். 225ஆல் பெருக்கினால் 3,93,750 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் நிகர லாபம் இன்னும் 2.76 லட்சம் இருக்கிறது, "லாபம் கொஞ்சம் குறையும்" என்று தம்பி சொன்னது இதைத்தான். ஆனால் கூடிய 6.70 லட்சம் டீமேட் கணக்கில் பங்கு விலையாக நிற்கிறது. கேட்கப்படும் 3.94 லட்சமோ ரொக்கம், அதுவும் முடிவு நாளுக்கு அடுத்த வேலை நாளில். நிஃப்டி ஆப்ஷன் பணமாக மட்டுமே தீரும். பங்கைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வழியில்லை. அந்த ரொக்கம் உங்களிடம் இல்லையென்றால் பங்கை விற்க வேண்டும். எந்த வரிக்குப் பயந்து விற்காமல் இருந்தீர்களோ, அதே வரி அப்போது வந்து நிற்கும்.

இதற்கும் முன்னாலேயே மார்ஜின் வரும். கால் விற்றதும் ஒப்பந்த மதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தொகையைச் சந்தை பிடித்து வைக்கும். மூன்று லாட்டுக்கு அது சில லட்சங்கள். நிஃப்டி ஏற ஏற இது கூடும். உங்கள் பங்குகளை அடகு வைத்து மார்ஜின் பெறலாம். ஆனால் பங்கின் முழு மதிப்பும் ஏற்கப்படாது, ஒரு பகுதி கழிக்கப்படும். பெரும்பாலான தரகு நிறுவனங்கள் மார்ஜினில் பாதி ரொக்கமாகவோ ரொக்கத்துக்கு இணையானதாகவோ இருக்க வேண்டும் என்றும் கேட்கும். புட் பிரீமியத்துக்கும் இறுதித் தீர்வுக்கும் அடகு செல்லாது, பணம்தான் வேண்டும். இதை முன்கூட்டியே யாரும் வாசகர்களுக்கு விளக்குவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நான் உங்களிடம் காலரைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசுவதற்கு முக்கியக் காரணம் வேறு. மேலே உள்ள கணக்கெல்லாம் உங்கள் பங்குகள் நிஃப்டியோடு சேர்ந்தே நடக்கும் என்ற அனுமானத்தில் போட்டவை. பீட்டா என்பது கடந்த காலச் சராசரி. அடுத்த மூன்று மாதத்துக்கு அது வாக்குறுதி தராது. நிஃப்டியில் எடை மிகுந்த நாலைந்து பங்குகள் மட்டும் ஓடி, நிஃப்டி 12 சதவீதம் ஏறி, உங்கள் 14 கம்பெனிகள் 3 சதவீதம் மட்டுமே ஏறின என்று வையுங்கள். பங்கில் லாபம் 1.86 லட்சம். காலில் நஷ்டம் அதே 3.94 லட்சம். சந்தை ஏறிய காலாண்டில், பாதுகாப்புக்காக எதையோ போட்டு, 2.08 லட்சம் இழந்திருப்பீர்கள். புட் மட்டும் வாங்கியிருந்தால் அதே காலாண்டில் 1.32 லட்சம் லாபத்தில் இருப்பீர்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். அவரிடம் இருந்தவை பெரும்பாலும் நடுத்தரக் கம்பெனிகள். காலர் போட்டிருந்தார். நிஃப்டி ஏறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மதியம், மார்ஜின் பற்றாக்குறை என்று கைபேசியில் செய்தி வந்தது. அவர் பங்குகளோ அந்த வாரம் சிவப்பில் இருந்தன. "சார், எனக்கு ரெண்டு பக்கமும் அடி" என்று கைபேசியை என் மேசை மேல் வைத்தார். அந்தத் திரையில் இரண்டு நஷ்டமும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. புட்டிலும் இதே பொருத்தமின்மை உண்டு: நிஃப்டி நின்றுகொண்டே உங்கள் பங்குகள் மட்டும் விழுந்தால் புட் உதவாது. ஆனால் அங்கே கூடுதலாகப் போவது பிரீமியம் மட்டுமே. காலரில் கூடுதலாகப் போவதற்கு உச்சவரம்பு கிடையாது.

உங்கள் வங்கிப் பங்கைப் போல ஒரே கம்பெனியில் பெரும் தொகை இருக்கும்போது காலர் நன்றாகப் பொருந்தும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் தனிப் பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் 2019 அக்டோபர் முதல் பங்கைக் கொடுத்து வாங்கியே தீர்க்கப்படுகின்றன. ஆகவே அந்தப் பங்கின் கால் உங்களுக்கு எதிராகப் போனால், டீமேட்டில் இருக்கும் அதே பங்கைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். ரொக்கம் தேட வேண்டியதில்லை, பொருத்தமின்மையும் இல்லை. ஆனால் கொடுப்பது விற்பதாகவே கருதப்படும், மூலதன ஆதாய வரி வரும். உங்கள் பங்கு எண்ணிக்கை லாட்டின் மடங்காகவும் இருக்க வேண்டும். தனிப் பங்கு ஆப்ஷன்களில் நடப்பு மாதத்தைத் தாண்டினால் வாங்குவோர் விற்போர் விலை இடைவெளி அகன்றுவிடும் என்பதால், மே மாதம் வரை மாதாமாதம் புதுப்பிக்க நேரிடும். அந்த ஒவ்வொரு புதுப்பிப்பிலும் செலவு ஒளிந்திருக்கிறது.

வரியைப் பற்றிய உங்கள் தயக்கம்

நிஃப்டி ஆப்ஷனில் வரும் லாபநஷ்டம் வருமான வரியில் தொழில் வருமானம். நீண்டகாலம் வைத்த பங்கில் வருவது மூலதன ஆதாயம். நீங்கள் இரண்டையும் ஒரே பாதுகாப்பின் இரு பாதியாகப் பார்க்கிறீர்கள். வரித்துறை இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கிறது.

சந்தை விழுந்தால் புட்டில் வந்த லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அடுக்கு விகிதத்தில் வரிக்கு உட்படும். பங்கில் ஏற்பட்ட இழப்போ விற்காதவரை கணக்கிலேயே வராது. விற்றாலும் மூலதன நஷ்டத்தைத் தொழில் லாபத்தில் கழிக்க முடியாது. மேற்சொன்ன உதாரணத்தில் பிரீமியம் போக புட் லாபம் 5,64,750. அதற்கு 20 சதவீதம் என்று வைத்தால்கூட 1.13 லட்சம் போய்விடும். காகிதத்தில் 2.72 லட்சமாக இருந்த இழப்பு, வரிக்குப் பிறகு 3.85 லட்சத்தை நெருங்குகிறது.

சந்தை ஏறி, விற்ற காலில் நஷ்டம் வந்தால் அது தொழில் நஷ்டம். அதை அந்த ஆண்டில் வட்டி வருமானத்திலோ மூலதன ஆதாயத்திலோ கழிக்கலாம். ஆனால் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. உங்கள் ஓய்வூதியமும் வரிக் கணக்கில் சம்பளம் என்ற தலைப்பில்தான் வருகிறது. மீதம் இருந்தால் எட்டு ஆண்டுகள் எடுத்துச் செல்லலாம், கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் மட்டும். ஆப்ஷன் வணிகம் ஒரு முறை செய்தாலும் ஐடிஆர்-3 படிவம் தேவைப்படும் என்பதால் தணிக்கையாளரின் உதவியும் வேண்டியிருக்கும்.

இவ்வளவும் எதற்காக என்று பாருங்கள். விற்றால் வரும் வரியைத் தவிர்க்க. ஆனால் மே மாதம் 25 லட்சம் தேவை என்றால் மே மாதத்திலாவது விற்கத்தான் போகிறீர்கள். அந்த வரி தவிர்க்கப்படவில்லை, ஆறு மாதம் தள்ளிப் போகிறது, அவ்வளவே. ஆறு மாதம் தள்ளிப் போடுவதற்காக ஆப்ஷன் செலவும், மார்ஜினும், வேறொரு வரியும் ஏற்றுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வரியும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்த பங்கின் ஆதாயத்தில் ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம், செஸ் தனி. 25 லட்சத்துக்கு விற்பதில் 12 லட்சம் ஆதாயம் என்று வைத்தால் வரி 1,39,750 ரூபாய். நீங்கள் இருபது ஆண்டுகளாக வாங்கி வந்தவர் என்பதால் ஆதாயமே குறையவும் கூடும். 2018 பிப்ரவரிக்கு முன் வாங்கிய பங்குகளுக்கு, 2018 ஜனவரி 31 அன்றைய விலை நீங்கள் வாங்கிய விலையைவிட அதிகமாக இருந்தால், விற்பனை விலைக்கு உட்பட்டு, அதையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம். பழைய ஒப்பந்தச் சீட்டுகளை எடுத்து இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். பலருக்கு இதில் நிம்மதி கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நிதியாண்டின் விலக்கையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்காகப் பாதித் தொகையை ஏப்ரல் வரை சந்தையில் விட்டுவைக்க வேண்டியதில்லை. மேற்படி விகிதத்தில் 1.25 லட்சம் ஆதாயம் தரும் பங்குகள் சுமார் 2.6 லட்சம் ரூபாய் மதிப்புடையவை. ஆக 22.4 லட்சத்துக்கு இப்போதே விற்று, 2.6 லட்சத்தை மட்டும் ஏப்ரல் முதல் வாரத்தில் விற்றால் மொத்த வரி 1,23,500 ஆகிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது

தேதி குறித்த பணத்தைப் பங்கில் வைத்து அதற்கு வேலி போடுவதைவிட, அந்தப் பணத்தை வெளியே எடுத்துவிடுவது மேல். வீட்டுக்கான 25 லட்சத்தை மேலே சொன்னபடி விற்று, வங்கி வைப்பிலோ லிக்விட் ஃபண்டிலோ போடுங்கள். விற்பதை அந்த வங்கிப் பங்கிலிருந்து தொடங்குங்கள். நிஃப்டி புட்டோ நிஃப்டி காலரோ அந்த ஒரு கம்பெனியில் மட்டும் வரும் கெட்ட செய்தியிலிருந்து உங்களைக் காக்காது. 62 லட்சத்தில் 15 லட்சம் ஒரே இடத்தில் இருப்பதே உங்கள் தொகுப்பின் பெரிய ஆபத்து.

மிஞ்சுவது 37 லட்சம். அதற்கு அவசரத் தேவை எதுவும் இல்லையென்றால், வேலியே தேவையில்லை என்பது என் கருத்து. ஓய்வூதியம் வருகிறது, சந்தை மீள்வதற்குக் காத்திருக்கும் வசதி உங்களுக்கு உண்டு. 2020இல் நிஃப்டி ஜனவரியில் 12,300க்கு மேல் இருந்து மார்ச் 23 அன்று 7,610க்கு விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்தைத் தாண்டியது. எல்லா வீழ்ச்சியும் இவ்வளவு விரைவில் மீளாது. ஆனால் பணம் தேவைப்படாதவருக்குக் காத்திருப்பது கைகூடும்.

அப்படியும் தூக்கம் வரவில்லையென்றால், அந்த 37 லட்சத்துக்குப் புட் வாங்குங்கள். இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. 37 லட்சத்தை 0.9ஆல் பெருக்கினால் 33.3 லட்சம், அது ஒன்றே முக்கால் லாட்டுக்குச் சற்றே மேல். முழு எண்ணில்தான் வாங்க முடியும். இரண்டு புட் வாங்கினால் கொஞ்சம் அதிகப் பாதுகாப்பு, அதனால் கெடுதல் இல்லை; மூன்று மாதத்துக்கு 36,000 ரூபாய். இதையே காலராகச் செய்து இரண்டு கால் விற்றால், உங்கள் பங்குகள் ஈடு செய்யாத ஒரு பகுதிக்கும் சேர்த்துக் கால் விற்றவர் ஆகிறீர்கள். செலவைக் குறைக்க விரும்பினால் இரண்டு புட்டுக்கு ஒரு கால் மட்டும் விற்கலாம். அப்போது பிரீமியம் 18,000ஆகக் குறையும்; ஏறும் பக்கத்திலும் ஏறத்தாழப் பாதி உங்களுக்கு மிஞ்சும். ஆனால் அதற்கு முன் ஒரு லாட்டின் மார்ஜினோடு, நிஃப்டி 28,000 போனால் கேட்கப்படும் 1,31,250 ரூபாயும் வைப்பில் தனியாக இருக்கட்டும். வீட்டுப் பணத்தை இதற்குத் தொடக்கூடாது.

வாங்கும் நேரமும் முக்கியம். தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற நாள்களுக்கு முன்பும், சந்தை சரிந்துகொண்டிருக்கும்போதும் புட் விலை ஊதிப்போகும். 2020 மார்ச்சில் சந்தையின் பயத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் குறியீடு 80ஐத் தாண்டியது, அன்று புட் வாங்கியவர் அமைதிக் கால விலையைப் போல ஐந்தாறு மடங்கு பயத்துக்கு விலை கொடுத்தார். எல்லோரும் பேசாமல் இருக்கும் நாளில் வாங்குங்கள். மூன்று மாத ஆப்ஷனில் வாங்குவோர் விலை 232, விற்போர் விலை 251 என்பது போல இடைவெளி இருக்கும். சந்தை விலை ஆணை போட்டால் 251க்கு வாங்கிவிடுவீர்கள். 241 என்று வரம்பு விலை வைத்துச் சிறிது நேரம் காத்திருங்கள். காலும் விற்பதாக இருந்தால் முதலில் புட் உங்கள் கணக்கில் வந்த பிறகே காலை விற்க வேண்டும்.

கணக்கைத் தான் இயக்கித் தருவதாகத் தம்பி சொன்னதை மட்டும் ஏற்காதீர்கள். அவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் தரகு நிறுவன ஊழியர் தன் விருப்பப்படி வாடிக்கையாளர் கணக்கில் வாங்கி விற்க விதிகளில் இடமில்லை. ஏதாவது தவறானால், உங்கள் கடவுச்சொல்லிலும் உங்கள் ஓடிபியிலும் நடந்த வர்த்தகம் உங்களுடையதாகவே கருதப்படும். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "தம்பி, நிஃப்டி 28,000 போனால் நான் எந்தத் தேதியில், எவ்வளவு ரொக்கம், எந்தக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும்?" இதற்கு அவர் எழுதிக் கொடுக்கும் பதிலை எனக்கும் அனுப்பி வையுங்கள். பங்குகளின் பெயரும் எண்ணிக்கையும் வாங்கிய ஆண்டும் அதோடு இருந்தால், 37 லட்சத்துக்கு உண்மையில் எத்தனை லாட் பொருந்தும் என்பதைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.